பில்டருக்கு நிலம் கொடுத்தால் வரி எந்த நாளில் வருகிறது?

டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்மூர்க்காரர்களுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் எப்போதாவது வரும். பேசுவது பெரும்பாலும் அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கும். "தம்பி, அப்பா இடத்தை ஒரு பில்டர் கேட்கிறார். பாதிக்குப் பாதி. நாம ஒரு பைசா போட வேண்டாம், உனக்கு ரெண்டு பிளாட், எனக்கு ரெண்டு பிளாட். நீ கான்சுலேட்டில் பவர் மட்டும் போட்டு அனுப்பு." தம்பியும் அனுப்பிவிடுவார். வரி பற்றி யாராவது கேட்டால், பணமே கைக்கு வரவில்லையே, வரி எங்கிருந்து வரும் என்பதுதான் பதில்.

வரி வரும். எந்த நாளில் வரும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த ஒரு கேள்வியை மட்டும் இங்கே பார்ப்போம். ஜி.எஸ்.டி, பில்டரைத் தேர்ந்தெடுப்பது, பிளாட்டின் தரம் இதெல்லாம் வேறு கதை.

முதலில் இந்த ஏற்பாட்டில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். பில்டர் தன் செலவில் கட்டடம் கட்டுகிறார், அதில் பாதியை உங்களுக்குத் தருகிறார். பதிலுக்கு மீதிப் பாதி பிளாட்டுகளுக்கு உரிய நிலப்பங்கை, ஊரில் யூ.டி.எஸ் என்று சொல்லும் பிரிக்கப்படாத பங்கை, அவரிடமோ அவர் காட்டும் ஆட்களிடமோ நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதாவது பாதி நிலத்தைக் கொடுத்துப் பாதிக் கட்டடத்தை வாங்குகிறீர்கள். இந்திய வருமான வரிச் சட்டத்தில் விற்பனை மட்டும் மாற்றம் அல்ல, பண்டமாற்றும் மாற்றம்தான். நோட்டுக்கட்டு கைமாறாவிட்டாலும் மூலதன ஆதாயம் உண்டு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டவை. தாம்பரம் பக்கம் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. அப்பா 1980களில் வாங்கியது. அவர் காலமான பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. அக்கா ஊரிலேயே இருக்கிறார், தம்பி டர்பனில். பில்டர் 1,200 சதுர அடியில் எட்டு பிளாட் கட்டுகிறார், நான்கு குடும்பத்துக்கு, நான்கு அவருக்கு. கூடவே ஆளுக்கு 10 லட்சம் ரூபாய், திருப்பித் தர வேண்டாத பணம். 2024 செப்டம்பரில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து இடத்தையும் ஒப்படைத்தாயிற்று. நிறைவுச் சான்றிதழ் 2026 பிப்ரவரியில் வருகிறது.

இதில் ஆதாயம் எப்போது பிறந்தது? 2024 செப்டம்பரிலா, 2026 பிப்ரவரியிலா, இல்லை பிளாட்டை என்றாவது விற்கும்போதா? நம் ஆட்களில் பாதிப் பேர் மூன்றாவது பதிலைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

பழைய நிலவரம் இன்னும் கொடுமையாக இருந்தது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு சொல்கிற மாதிரி, ஒப்பந்தத்தின் பேரில் இடத்தை ஒருவர் கையில் விட்டுவிட்டாலே வருமான வரிச் சட்டம் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். சதுர்புஜ் துவாரகாதாஸ் கபாடியா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் சொன்ன தீர்ப்பை வைத்து, ஒப்பந்தம் போட்ட ஆண்டிலேயே வரி கட்டு என்று துறை கேட்கத் தொடங்கியது. பிளாட்டுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டியிருக்க மாட்டார்கள், லட்சக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்து நிற்கும். பில்டர் பாதியில் ஓடிப்போன குடும்பங்களுக்கும் அதே கதிதான்.

இதைச் சரிசெய்யத்தான் 2017 நிதிச் சட்டத்தில் 45(5ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். மாற்றம் எந்த ஆண்டில் நடந்தாலும் சரி, தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் ஆதாயத்தின் மீதான வரி, திட்டம் முழுவதற்கோ அதன் ஒரு பகுதிக்கோ உரிய அதிகாரி நிறைவுச் சான்றிதழ் கொடுத்த நிதியாண்டில்தான் விழும் என்றது அது. டர்பனில் இருக்கிற தம்பிக்கும் இது பொருந்தும், ஏனென்றால் இந்தியாவில் வசிப்பவரா என்ற நிபந்தனையை அந்த உட்பிரிவு போடவில்லை. இடத்தை ஒரு கம்பெனி பெயரிலோ பார்ட்னர்ஷிப் பெயரிலோ வைத்திருந்தால் கிடைக்காது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, இந்த ஏற்பாடு அப்படியேதான் தொடர்கிறது. நம் உதாரணம் 2025-26 நிதியாண்டில் முடிவதால் பழைய எண்களையே சொல்கிறேன்.

இதில் ஒரு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்: பதிவு. 45(5ஏ) பேசுவது பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் சீல் வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நடக்கிறது, பதிவுச் செலவு மிச்சம் என்று பில்டரே சொல்லுவார். அப்படி வைத்திருந்தால் இந்தச் சலுகைக்குள் நீங்கள் வரவே இல்லை. பல்பீர் சிங் மைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல், பதிவு ஆகாத ஒப்பந்தத்துக்கு 53ஏ பாதுகாப்பு இல்லை, அதனால் அந்த வழியில் மாற்றமும் இல்லை என்று சொன்னது. அது வரி செலுத்துபவருக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் அதை நம்பிப் பதிவு செய்யாமல் இருப்பது மோசமான யோசனை. வரி நாள் தெளிவில்லாமல் போகும், பில்டருடன் தகராறு வந்தால் கையில் இருக்கும் காகிதத்துக்கும் பலம் இருக்காது.

தம்பி அனுப்புகிற பவரும் இதில் சேர்ந்ததுதான். வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். டர்பனிலிருந்து போன பவர் அக்கா வீட்டு பீரோவில் ஆறு மாதம் கிடந்தது என்றால் பதிவின்போது சிக்கல்.

சரி, கணக்குக்கு வருவோம். தம்பியின் பங்கை மட்டும் பார்க்கலாம், ஒவ்வொரு வாரிசுக்கும் தனித்தனி ரிட்டர்ன்தான். அவர் கொடுத்தது 1,200 சதுர அடி நிலப்பங்கு. பெற்றது இரண்டு பிளாட், கட்டடம் 2,400 சதுர அடி, அப்புறம் 10 லட்சம் ரொக்கம்.

விற்பனை விலைக்குப் பதிலாக எதை வைப்பது? சான்றிதழ் வந்த அன்று அவர் பங்குக்கு உள்ள முத்திரைத் தீர்வை மதிப்பு, அதோடு வாங்கிய பணம். ஒப்பந்த நாளின் மதிப்பு அல்ல என்பதை மறக்காதீர்கள். இடையில் வழிகாட்டி மதிப்பை அரசு உயர்த்தினால் உங்கள் ஆதாயமும் உயர்ந்துவிடும். கட்டடம் சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றால் 72 லட்சம், ரொக்கத்தோடு 82 லட்சம். அவரிடமே தங்கிவிட்ட நிலப்பங்கின் மதிப்பையும் இதில் கூட்ட வேண்டுமா என்று ஆடிட்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு, ஏனென்றால் சட்டத்தின் வாசகம் "நிலம் அல்லது கட்டடம் அல்லது இரண்டும்" என்கிறது. கைமாறாத நிலத்துக்கு ஆதாயம் எப்படி வரும் என்பது என் கட்சி, அதனால் கட்டடத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். உங்கள் ஆடிட்டர் எந்தக் கட்சி என்று ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்க விலைக்கு அப்பா 80களில் கொடுத்த தொகையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சதுர அடிக்கு 500 என்று வைத்தால் 1,200 சதுர அடிக்கு 6 லட்சம். ஆதாயம் 76 லட்சம். அப்பா வைத்திருந்த காலமும் சேர்வதால் இது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் மாற்றங்களுக்கு 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை கிடையாது. வரி ஒன்பதரை லட்சம். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் 10 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ். எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 லட்சத்து 87 ஆயிரம்.

அக்காவுக்கு மட்டும் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வசிப்பவர் என்பதால், குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழியில் கணக்குப் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். 6 லட்சம் 2024-25க்கான 363 குறியீட்டில் 21 லட்சத்து 78 ஆயிரம் ஆகும், மீதி ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்றால் 12 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக அவருக்கும் 12.5 சதவீதமே லாபம். 2001 மதிப்பு அதிகமாக இருந்த இடங்களில் இது தலைகீழாகலாம், அப்போது வெளிநாட்டில் இருக்கும் தம்பிதான் கூடுதலாகக் கட்டுவார்.

இப்போது தம்பியின் கைநிலையைப் பாருங்கள். 2024இல் வாங்கிய 10 லட்சம் எப்போதோ செலவாகியிருக்கும். 2026 பிப்ரவரியில் சான்றிதழ் வருகிறது, முன்கூட்டிய வரியின் கடைசித் தவணை மார்ச் 15. சான்றிதழ் வந்ததை அக்கா போனில் சொல்ல மறந்துவிட்டால் வட்டி ஓடத் தொடங்கும். "பகுதிக்கு" கொடுத்த சான்றிதழும் போதும் என்று சட்டம் சொல்வதால், பில்டர் முதல் பிளாக்குக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினாலும் அந்த ஆண்டே கணக்கு எழும். அதனால் பில்டர் எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும் எல்லா உரிமையாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடச் சொல்வேன்.

ரொக்கத்துக்குப் பிடித்தமும் உண்டு. அக்காவின் 10 லட்சத்தில் 194-ஐசி பிரிவின்படி 10 சதவீதம், ஒரு லட்சம், பில்டர் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். தம்பி வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவருக்கு 195ஆம் பிரிவு, அங்கே விகிதம் வேறு. இருவருக்கும் பிடித்தது 2024-25இல், வருமானத்தைக் காட்டுவது 2025-26இல். அந்த வருமானத்தைக் காட்டும் ஆண்டில்தான் பிடித்தத்துக்கு வரவு கிடைக்கும், எனவே 2024-25 ரிட்டர்னில் அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் பிறகு துறைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பிக்கு 2025 மார்ச்சில் மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் மூன்றாவது மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. தன் இரண்டு பிளாட்டில் ஒன்றை யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிறார். 45(5ஏ)இன் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: சான்றிதழ் வரும் நாளிலோ அதற்கு முன்போ உங்கள் பங்கைக் கைமாற்றினால் இந்த உட்பிரிவே பொருந்தாது, கைமாற்றிய ஆண்டிலேயே ஆதாயம் விழும், விலையையும் பொது விதிகளின்படிதான் கணக்கிட வேண்டும். ஒரு பிளாட்டை மட்டும் விற்றால் அந்த அளவுக்கு மட்டுமா, முழுப் பங்குக்கும் சலுகை போய்விடுமா? வாசகம் "அவருடைய பங்கை" என்கிறதே தவிர, அதில் ஒரு பகுதி என்று பிரித்துப் பேசவில்லை. முழுவதும் போய்விட்டது என்று அதிகாரி பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. முடிந்தால் சான்றிதழ் வரை பொறுக்க வேண்டும், முடியாவிட்டால் விற்பதற்கு முன் ஆடிட்டரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா கைவைக்காத வரை அவர் பங்குக்கு எதுவும் ஆகாது.

எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது, சான்றிதழே வராத இடங்கள். சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை என்ற விலக்கு தமிழ்நாட்டில் உண்டு. குடும்ப நிலங்களில் கட்டுவது பல சமயம் அந்த அளவுதான். சான்றிதழ் நாள்தான் வரி நாள் என்றால், சான்றிதழ் இல்லாதவருக்கு வரி நாள் எது? வரியே இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, 45(5ஏ) அதைத் தள்ளி மட்டுமே வைத்திருக்கிறது. தள்ளி வைக்கிற அந்த நாளே இல்லை என்றால் ஒப்பந்த ஆண்டிலேயே வரி விழுந்திருக்க வேண்டும் என்று துறை வாதிட வழி கிடைக்கும். நிலம் சிறியதாக இருந்தால், உங்கள் கட்டடத்துக்குச் சான்றிதழ் உண்டா இல்லையா என்பதை வரைபடம் போடும்போதே பில்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வரியைக் குறைக்கும் விலக்குகளிலும் இதே தள்ளிவைப்பு ஒரு பொறி வைக்கிறது. 54ஈசி பிரிவு சொல்லும் முதலீட்டுப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு ஆதாயத்தைக் காப்பாற்றலாம் என்பார்கள். அதற்கு ஆறு மாதக் கெடு, அது மாற்றம் நடந்த நாளிலிருந்து ஓடுகிறது. நம் உதாரணத்தில் மாற்றம் 2024 செப்டம்பர், கெடு 2025 மார்ச்சில் முடிந்துபோனது. ஆதாயம் எவ்வளவு என்பதே தெரிவது 2026 பிப்ரவரியில். 45(5ஏ) வரி கட்டும் ஆண்டைத்தான் நகர்த்தியது, இந்தக் கெடுவைச் சான்றிதழ் நாளுக்கு நகர்த்துவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. வீடு கட்டினால் கிடைக்கும் 54எஃப் விலக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, அதுவும் மாற்ற நாளிலிருந்துதான், அதுவும் ஒரே ஒரு வீட்டுக்குத்தான். பில்டர் 2027 செப்டம்பரைத் தாண்டி இழுத்தடித்தால் தம்பி கையில் அந்த ஒன்றும் நிற்காது. பில்டரின் தாமதத்துக்கு மாத வாடகை இவ்வளவு என்று அபராதம் எழுதுகிறவர்கள், இந்த வரி இழப்பையும் சேர்த்து எழுதலாம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம், தென்னாப்பிரிக்கா. தம்பி இங்கே வரி விதிப்புக்கு உட்பட்ட குடியிருப்பாளர் என்றால் உலகத்தில் எங்கே ஆதாயம் வந்தாலும் இங்குள்ள வரித் துறையான சார்ஸிடம் காட்ட வேண்டும். தனிநபருக்கு ஆதாயத்தில் 40 சதவீதம்தான் வருமானத்தில் சேரும், உச்ச விகிதத்திலும் அது 18 சதவீதத்துக்கு மேல் போகாது. இரு நாட்டு ஒப்பந்தப்படி நிலம் இருக்கும் இந்தியாவுக்கு முதலில் வரி விதிக்க உரிமை, அங்கே கட்டியதற்கு இங்கே வரவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாள் ஒத்துப்போவதில்லை. இங்கே வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 13ஆம் பத்தி, ஒப்பந்தத்தின் மூலம் கைமாறும் சொத்துக்கு ஒப்பந்தம் முடிவான நாளையே கைமாறிய நாளாக எடுத்துக்கொள்கிறது. நிறைவுச் சான்றிதழ் என்ற பேச்சே அதில் இல்லை. அப்படியானால் தம்பியின் ஆதாயம் சார்ஸ் கணக்கில் 2025 பிப்ரவரியோடு முடிந்த ஆண்டில் விழுகிறது, இந்திய வரியோ அதற்கு ஓராண்டு கழித்து. வரவு கேட்கும் நேரத்தில் காட்ட இந்திய ரசீது இருக்காது. ஆதாயத் தொகையும் வேறாகத்தான் வரும், ஏனென்றால் அங்கே அடிப்படை நாள் 2001 ஏப்ரல் 1, இங்கே 2001 அக்டோபர் 1, அதற்குப் பிறகு இங்கே குடியேறியவருக்கு குடியிருப்பாளர் ஆன சமயத்துச் சந்தை மதிப்பு. தம்பி 2012இல் வந்திருந்தால் அந்த ஆண்டின் மதிப்புதான் இங்கே அடக்க விலை, அது 6 லட்சத்தைவிடப் பல மடங்கு இருக்கும். எனவே வந்த ஆண்டின் வழிகாட்டி மதிப்புக்கு ஒரு நகலும் ஊரில் ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வாங்கி வைப்பது வீண் செலவு அல்ல.

அதே 13ஆம் பத்தியில் இன்னொரு வரி இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு முன்நிபந்தனை நிறைவேறினால்தான் செல்லும் என்று எழுதியிருந்தால், அந்த நிபந்தனை நிறைவேறிய நாள்தான் கைமாறிய நாள். கட்டட வரைபட அனுமதி கிடைத்தால்தான் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்று ஒரு ஷரத்து போட்டால் இங்கே வரி நாள் அனுமதி நாளுக்கு நகரும். சில மாதங்கள் மிச்சம், நிறைவுச் சான்றிதழ் வரை போகாது. அனுமதியே கிடைக்காமல் திட்டம் நின்றுபோனால், வராத பிளாட்டுக்கு சார்ஸிடம் கணக்குக் காட்டும் நிலை வராமல் இருக்கும். அந்த ஷரத்தைப் பவர் அனுப்புவதற்கு முன்னால் கேட்டால்தான் அக்காவின் வக்கீல் சேர்ப்பார், பதிவான பிறகு சேர்க்க வேண்டுமென்றால் திருத்தப் பத்திரம் போட வேண்டும், அதற்கு பில்டரும் கையெழுத்துப் போட வேண்டும்.